பத்து சென்டிமீட்டர் தலைப்பு

சட்டைப்பையில் முப்பது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலைச் செருகிக்கொண்டு திரிவதால் ஓவிய ஆசிரியருக்குப் பள்ளியில் வேறு பெயரே கிடையாது. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் ஸ்கேல் என்பார்கள், சக ஆசிரியர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். மனிதர் கோபித்துக்கொண்டதில்லை. அளந்து பார்க்காத எதையும் அவர் நம்பியதும் இல்லை. கல்யாணத்துக்கு முன் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் இடப்பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருக்கிறது என்று சொன்னவர் அவர். அந்தப் பெண்ணும் அதைக் கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னாள் என்றால், அவளுடைய பொறுமையை என்னவென்று சொல்வது.

அந்தப் பொறுமைசாலிதான் அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர்.

இப்போது ஸ்கேலை அரித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு விஷயம். வாரத்துக்கு இரண்டு ஓவியப் பாடவேளைகள். அவற்றை எடுத்துக் கணக்குக்குக் கொடுத்துவிடலாமா என்று கல்வி அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்தது. யோசித்து முடிக்கும்முன் ஒரு அதிகாரியம்மா நேரில் வந்து பார்ப்பார்கள். பள்ளியில் ஓவியத்தால் என்ன பயன் என்பதற்குச் சாட்சியாக அறிவிப்புப் பலகைகளைப் பார்ப்பார்கள். பன்னிரண்டு வகுப்புப் பலகைகளில் சிறந்ததைப் படம் எடுத்துத் தயாராக வைக்கவும், மதிப்பெண் படிவத்தில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து: ஒழுங்கு, தலைப்புத் தெரிதல், படிக்கும் தூரம். இப்படி ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதிகாரி வருவது மறுநாள் காலை பத்து மணிக்கு.

நடுவர்கள் மூன்று பேர் நூலகத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் ஸ்கேல். இன்னொருவர் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, எனவே விசில். மூன்றாமவர் நூலகர். யார் வாயைத் திறந்தாலும் உஷ் என்று சொல்லிப் பழகிய அந்த அக்காவுக்கு உஷ் அக்கா என்றே பெயர் நின்றுவிட்டது.

மேசையில் பன்னிரண்டு படங்கள். பார்த்ததும் ஸ்கேல் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"இதுல எதை எதோட ஒப்பிடுறது? அஞ்சாவது படத்தைப் பக்கவாட்டுல நின்னு எடுத்திருக்காங்க, போர்டு ஒருபக்கம் குட்டையா தெரியுது. ரெண்டாவதுல ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்காங்க, பிளாஸ்டிக் உறையில வெளிச்சம் பட்டு நடுவுல வெள்ளை வெளேர்னு ஒரு சூரியன். ஏழாவதை மூக்கு முட்டுற தூரத்துல நின்னு எடுத்திருக்காங்க. எழுத்து பெரிசா தெரியத்தானே தெரியும்?"

"ஏழாவது நல்லாத்தான் இருக்கு" என்றார் விசில்.

"கிட்டப் போனா எதுவும் நல்லாத்தான் இருக்கும். எல்லாத்தையும் ஒரே தூரத்துல, ஒரே உயரத்துல, நேரா நின்னு எடுத்தாத்தான் ஒப்பீடு. இல்லேன்னா போர்டுக்கு மார்க் போடலை, படம் எடுத்தவர் காலுக்கு மார்க் போடுறோம்."

காலைப் பற்றிய பேச்சு என்றதும் விசில் சுறுசுறுப்பானார். நீளம் தாண்டும் குழிக்குப் பயன்படுத்தும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பலகைக்கும் எதிரே ஐந்து மீட்டரில் தரையில் சாக்பீஸ் கோடு போட்டார். கோட்டில் நின்று, பலகையின் நடுப்பகுதி உயரத்துக்குக் கேமராவைத் தூக்கி, ஃபிளாஷ் இல்லாமல் பன்னிரண்டையும் மறுபடி எடுத்தார்கள். ஒன்பதாவது படத்தில் மட்டும் காவலாளியின் தலை வந்துவிட்டது. காவலாளி நகர மறுத்துவிட்டார், அது அவர் வழக்கமாக நிற்கும் இடமாம். மூன்றாம் முறை எடுத்தபோதுதான் அவருக்குத் தும்மல் வந்து தலை விலகியது.

படங்கள் எல்லாவற்றையும் பதினாறு சென்டிமீட்டர் அகலத்தில் அச்செடுத்துக் கொண்டுவந்தார் உஷ் அக்கா.

"இப்ப இதை நாற்பது சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சுப் பார்க்கணும்" என்றார் ஸ்கேல். "போர்டு ரெண்டு மீட்டர் அகலம். அஞ்சு மீட்டர்ல நின்னு பார்த்தா கண்ணுக்கு எவ்வளவு பெரிசா தெரியுமோ, இந்தப் படம் நாற்பது சென்டிமீட்டர்ல அவ்வளவுதான் தெரியும். கணக்கு சரியா வருது."

"கையை நீட்டிப் பிடிச்சா போதுமா?" விசில் கையை நீட்டினார். அவர் கைக்கு ஒரு படம் அடுத்த அறைக்கே போய்விடும் போலிருந்தது. உஷ் அக்கா கையை நீட்டினால் முப்பது சென்டிமீட்டர்கூட வரவில்லை. யார் கை நியாயமான கை என்று கால்மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலோடு பத்து சென்டிமீட்டர் பென்சிலை ரப்பர் பேண்டால் கட்டி, அதன் ஒரு முனையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மூவரும் மாறி மாறிப் படம் பார்த்தார்கள். வெளியே போன பியூன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

ஒழுங்கில் பாதிப் பலகைகள் அடிபட்டன. ஒன்றில் தாள்கள் மேலும் கீழுமாகத் தொங்கின. ஒன்றில் நான்கு மூலைக்கும் ஊசி குத்தாமல் ஒரே ஊசியில் தாள் ஊஞ்சலாடியது. எட்டாம் வகுப்புப் பலகையில் போன வருட விளையாட்டு விழா இன்னும் நடக்கவிருந்தது. தலைப்பில் மிச்சம் பாதி போனது. மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து, சிவப்பில் பச்சை எழுத்து, எழுத்தா பூங்கொடியா என்று தெரியாத எழுத்து. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தபோது இவை எல்லாம் கரைந்துபோயின.

பதினோராவது படம் மட்டும் கரையவில்லை. வெள்ளைப் பின்னணியில் கருநீல எழுத்து, தடித்து, நேராக, இடைவெளி பிசகாமல்:

நாளை விடுமுறை

கீழே எட்டு எட்டாக இரண்டு வரிசையில் பதினாறு தாள்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி.

"அடேயப்பா" என்றார் விசில். "படத்தைச் சுவத்துல மாட்டிட்டுத் தள்ளிப் போய்ப் பார்க்கலாமா?"

"தொண்ணூத்தாறு சென்டிமீட்டர் தள்ளிப் போங்க. அது பன்னிரண்டு மீட்டர்ல நின்னு பார்க்கிற மாதிரி. கேட்டுல இருந்து போர்டுக்கு இருக்கிற தூரம்."

மூவரும் தள்ளிப்போய் நின்றார்கள். மற்ற தலைப்புகள் கறுப்புக் கோடாகிவிட்டன. பதினோராவது மட்டும் கணீரென்று நின்றது. உஷ் அக்கா வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தமாகப் பேசினார்.

"இதுதான். பத்துக்குப் பத்து. ஆனா தலைப்புக்குக் கீழ என்னவோ பொடியா ஒரு வரி இருக்கே, அது என்ன?"

"துணைத் தலைப்பு" என்றார் ஸ்கேல் அவசரமாக. "அதுக்கு மார்க் கட்டம் இல்லை."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அது அவர் மனைவியின் வகுப்புப் பலகை. போதாததற்கு அந்த எழுத்துகளை வெட்டியவரே அவர்தான். போன வாரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது அது. 'நாளை விடுமுறை விட்டால் நான் என்ன செய்வேன்?' என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன், தலைப்பு வெட்டிக் கொடுங்கள் என்று மனைவி கேட்டாள். மூன்று மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் உயரம், பன்னிரண்டு மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்று ஸ்கேல் கணக்குப் போட்டார். அந்த அளவில் முழு வாக்கியமும் நான்கு மீட்டர் வந்தது. பலகையோ இரண்டு மீட்டர்.

"அப்ப எழுத்தைச் சின்னதாக்குங்க" என்றாள் மனைவி.

"சின்னதாக்கினா கேட்டுல இருந்து தெரியாது. முதல் ரெண்டு வார்த்தை பெரிசு. மிச்சத்தை ஒன்றரை சென்டிமீட்டர்ல ஸ்கெட்ச் பேனாவால நீயே கீழ எழுதிடு."

"அர்த்தமே மாறுதேங்க."

"முதல்ல கண்ணு, அப்புறம்தான் அர்த்தம். பார்க்கிறவன் கிட்ட வந்து மிச்சத்தைப் படிப்பான்."

அவர் வேலையில் இறங்கிவிட்டால் வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தின்பதற்கு வேறு இடம் தேடிப் போனாள்.

இப்போது நூலகத்தில் ஸ்கேலின் மனச்சாட்சி லேசாக உறுத்தியது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். ஓவியப் பாடவேளைகள் கண்முன் வந்தன. வாயை மூடிக்கொண்டார். மூன்று நடுவர்களும் ஒருமனதாகப் பதினோராவது படத்துக்கு முப்பதுக்கு முப்பது போட்டுத் தலைமையாசிரியையிடம் கொடுத்தார்கள்.

தலைமையாசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கரை மணிக்குப் படத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அப்புறம் அதற்கு விளக்கம் எழுத உட்கார்ந்தார். அந்த அம்மா செல்போனில் ஒற்றை விரலால் தட்டுபவர், ஒவ்வொரு எழுத்துக்கும் கண்ணாடியை ஏற்றி இறக்குபவர். 'இது நமது பள்ளியின் மிகச் சிறந்த அறிவிப்பு' என்று எழுதி முடிக்கும்போது ஏழு நிமிடம் ஆகியிருந்தது. பலகை என்ற கடைசிச் சொல்லைத் தட்டும்முன் விரல் தவறி அனுப்பும் பொத்தானில் பட்டுவிட்டது. பரவாயில்லை, புரியும் என்று விட்டுவிட்டார்.

புரிந்தது. பதில்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

'ரொம்பச் சிறந்த அறிவிப்பு டீச்சர். நன்றி.'

'பிள்ளை குதிக்கிறான்.'

'இதுபோல அடிக்கடி போடுங்கள்.'

தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு பலகையைப் பெற்றோர் இப்படிக் கொண்டாடி அவர் பார்த்ததில்லை. உள்ளங்கை அளவுத் திரையில் அந்தப் படத்தில் படிக்க முடிந்தது இரண்டே சொற்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. அவர்தான் முழுத் தலைப்பையும் நேரில் படித்தவராயிற்றே.

மறுநாள் காலை ஸ்கேலும் மனைவியும் பள்ளிக்குள் நுழைந்தபோது காவலாளி மட்டும் நின்றிருந்தார். எட்டே முக்கால். வழக்கமாக அந்த நேரத்தில் காது கொடுத்துக் கேட்க முடியாத இரைச்சல் இருக்கும்.

"என்னங்க, நாம சீக்கிரம் வந்துட்டோமா?" என்றாள் மனைவி.

ஒன்பதரைக்கு மணி அடித்தது. பியூன் பழக்கதோஷத்தில் அடித்துவிட்டு, யாருக்காக அடித்தோம் என்று மணியையே பார்த்துக்கொண்டு நின்றார். மைதானத்தில் மொத்தம் நான்கு பிள்ளைகள். ஒரு அண்ணன் தம்பி, அவர்கள் அம்மாவின் செல்போன் தண்ணீரில் விழுந்திருந்தது. ஒரு பையன், அவன் அப்பா குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியவர். நான்காவது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

தலைமையாசிரியை பதறிப்போய்க் குழுவில் 'இன்று பள்ளி உண்டு' என்று போட்டார். பதில் உடனே வந்தது. 'எந்தப் பலகையில்?' இன்னொருவர், 'நாங்கள் ஏற்கெனவே ரயிலில் இருக்கிறோம்' என்று ஜன்னல் வழியே எடுத்த மாட்டின் படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் முந்தின நாள் பதில்களை எல்லோரும் மறுபடி படித்துப் பார்த்தார்கள். மனைவி செல்போனிலிருந்து தலையைத் தூக்கி ஸ்கேலைப் பார்த்தாள். 'அர்த்தமே மாறுதேங்க' என்று அவள் இரண்டாம் முறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஓவியத்தால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது?

சரியாகப் பத்து மணிக்கு அதிகாரியம்மா வந்து இறங்கினார். கையில் கிளிப் வைத்த அட்டை, அதில் படிவம். சிரிப்பு என்ற ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வந்த முகம்.

"பிள்ளைங்க எங்க?"

"மைதானத்துல மேடம்" என்றார் விசில். பொய் சொல்லவில்லை, நான்கு பேர் இருந்தார்கள். பிறகு தானாகவே, "மத்தவங்களுக்குக் காய்ச்சல்" என்றும் சேர்த்தார்.

"நானூறு பேருக்குமா?"

"லேசான காய்ச்சல்தான் மேடம்."

அதிகாரியம்மா கேட்டருகே நின்றபடியே வராந்தாவைப் பார்த்தார். பன்னிரண்டு மீட்டர் தள்ளி கருநீலத்தில் அது நின்றது. அதைப் படித்தார். நாட்காட்டியைப் பார்க்கச் செல்போனை எடுத்தார். மறுபடியும் படித்தார்.

"இது யார் வேலை?"

தலைமையாசிரியையின் விரல் தன்னிச்சையாக நீண்டது. "ஆறாம் வகுப்பு டீச்சரோட போர்டு மேடம்."

மனைவியின் முகம் சுருங்கியதை ஸ்கேல் பார்த்தார். நேற்று மூடிய வாயை இன்றும் மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"தலைப்பை வெட்டினது நான் மேடம். அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க, நான் கேட்கலை. படம் பெற்றோர் குழுவுக்குப் போய், விடுமுறைன்னு நினைச்சு யாரும் பிள்ளைங்களை அனுப்பலை. அந்தப் போர்டுக்கு முப்பதுக்கு முப்பது போட்டதும் நான்தான். நான் வெட்டின எழுத்துன்னு மத்த நடுவர்களுக்குச் சொல்லவும் இல்லை." ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பாடவேளை போய்விட்டது என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

அதிகாரியம்மா பலகை வரை நடந்து போய்த் தலைப்புக்குக் கீழிருந்த பொடி வரியைப் படித்தார். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து பலகைக்கு எதிரே சாக்பீஸ் கோட்டில் நின்றார்.

"தலைப்புத் தெரிதல்" என்று படித்தார். "தெரியாதுன்னு சொன்னா எனக்குப் பாவம் வந்துசேரும். பத்து. படிக்கும் தூரம். பிள்ளைங்க அதிகபட்சம் எவ்வளவு தூரத்துல இருந்து வர்றாங்க?"

"ஒரு பையன் வீடு ஏழு கிலோமீட்டர் மேடம்" என்றார் விசில், இதுவாவது உண்மை என்ற நிம்மதியோடு.

"அங்கேயும் படிச்சிருக்காங்க." கட்டத்தில் ஏழு கிலோமீட்டர் என்று எழுதினார். அந்தக் கட்டம் மீட்டருக்காகப் போட்டது, எனவே மீட்டரை அடித்துத் திருத்தினார். "பத்து. ஒழுங்கு?"

ஸ்கேலுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "எல்லா இடைவெளியும் மூணு சென்டிமீட்டர் மேடம். ஊசி பிசகில்லாம..."

"வரிசையா ஊசி குத்துறது ஒழுங்கு இல்லை சார். ஒரு வாக்கியத்துல ரெண்டு வார்த்தை வீட்டுக்குப் போகுது, நாலு வார்த்தை போர்டுலயே நிக்குது. சேர்ந்து போக வேண்டியதைச் சேர்ந்து போக விடுறதுதான் ஒழுங்கு. பூஜ்யம்."

பின்னால் நின்ற மனைவி தொண்டையைச் செருமினாள். அந்தச் செருமல் ஸ்கேலுக்கு ஒரு பத்து நாளைக்குப் போதுமானதாக இருந்தது.

அதிகாரியம்மா கோட்டைத் தாண்டி மறுபடி நெருங்கிப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு முழத் தூரத்தில் நின்று, முதல் தாளிலிருந்து கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தார். நடுவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தூரத்துக்கு அவர்களிடம் கட்டமே இருந்ததில்லை. இரண்டாவது வரிசையில் மூன்றாவது தாளின் முன்னால் அவர் நின்றுவிட்டார். அதைச் சத்தமாகவே படித்தார்.

"நாளை விடுமுறை விட்டால் நான் பள்ளிக்கு வருவேன். யாரும் இருக்க மாட்டார்கள். ஓவிய அறையில் நீல வண்ணம் எப்போதும் என் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அன்றைக்கு மட்டும் நீலம் முழுவதும் எனக்கு. யானையைக்கூட நீலமாக வரைவேன்."

அதிகாரியம்மா திரும்பி மைதானத்தைப் பார்த்தார். மரத்தடியில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு வரச் சொன்னார்.

"இதை எழுதினது நீயா?"

"ஆமா மேடம்."

"இன்னிக்கு விடுமுறைன்னு உங்க வீட்டுல யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வந்தே?"

இதென்ன கேள்வி என்பதுபோல் அந்தப் பெண் பார்த்தாள். "வருவேன்னு எழுதியிருக்கேனே."

அதிகாரியம்மா பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து படிவத்தின் அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"ஓவியப் பாடவேளை ரெண்டும் அப்படியே இருக்கட்டும். சார், போய் அறையைத் திறந்துவிடுங்க. நீலத்தை எடுத்துக் கொடுங்க."

ஸ்கேலுக்குச் சாவி கைக்கு அகப்படவில்லை. சட்டைப்பையைத் துழாவினார், கால்சட்டைப்பையைத் துழாவினார். மனைவிதான் அவர் கையிலேயே இருந்த சாவியை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் ஓடிவிட்டாள்.

அதிகாரியம்மா போனார், தலைமையாசிரியை வழியனுப்பப் போனார், விசில் காய்ச்சலைப் பற்றி யாராவது கேட்பார்களோ என்று முன்கூட்டியே காணாமல் போனார். பிள்ளைகள் இல்லாத பள்ளியில் ஆசிரியர்களுக்கு வேலையும் இல்லை. மனைவி பையை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது ஸ்கேல் பலகையின் முன்னால் நின்றிருந்தார். அந்தப் பதினாறு தாள்களின் நீளம், அகலம், இடைவெளி எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. அது இன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது, தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. தாளோடு மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"என்னங்க, வீட்டுக்குப் போகலாமா?"

"நீ முன்னால போ" என்றார் அவர் தலையைத் திருப்பாமல். "இன்னும் ஒன்பது பேர் பாக்கி இருக்காங்க."